கேட்காமல் சொன்ன கருத்து: அடுத்தவர் போட்டோவை அலசுவதற்கு முன்

போட்டோ எடுப்பவர்கள் கூடும் இடங்களில் அடிக்கடி ஒரு சண்டை வரும். யாரோ ஒருவருடைய படத்தை இன்னொருவர் எடுத்துவந்து குரூப்பில் போட்டு, "இதில் என்னென்ன தப்பு, சொல்லுங்கள்" என்பார். படத்துக்குச் சொந்தக்காரர் வருத்தப்படுவார். உடனே இரண்டு பதில்கள் தயாராக வரும். ஒன்று, "பொதுவில் போட்டாச்சே, அப்புறம் என்ன?" இன்னொன்று, "திட்டவா செய்தேன், திருத்தத்தானே சொன்னேன்?"

நானும் இந்த இரண்டையும் சொன்னவன்தான். அதனால் இவற்றில் எது விடுபட்டுப் போகிறது என்று கொஞ்சம் நிதானமாகவே பார்க்கலாம்.

## பக்கத்து வீட்டுச் சாம்பார்

பக்கத்து வீட்டு அக்கா ஒரு கிண்ணம் சாம்பார் கொடுத்து அனுப்புகிறார். நீங்கள் அதைச் சாப்பிடாமல் அன்று மாலை குடியிருப்புச் சங்கக் கூட்டத்துக்கு எடுத்துப்போய் மேசையில் வைக்கிறீர்கள். ஆளுக்கு ஒரு ஸ்பூன். "புளி தூக்கல்", "பருப்பு வேகவில்லை", "பெருங்காயம் போதாது" என்று கருத்துகள் வருகின்றன. யாரும் கெட்ட வார்த்தை பேசவில்லை. சொன்னது எல்லாம் உண்மையாகக்கூட இருக்கலாம்.

ஆனாலும் அந்த அக்காவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். அவர் கொடுத்தது உங்களுக்கு, சாப்பிடுவதற்கு. கூட்டத்துக்குக் கொடுக்கவில்லை, மார்க் போடவும் கொடுக்கவில்லை. போதாததற்கு, காலையில் சூடாக வந்தது மாலையில் ஆறித் தடித்துப்போயிருக்கிறது. கூட்டம் ருசி பார்த்தது அவர் சமைத்த சாம்பாரை அல்ல.

இதில் இரண்டு தவறுகள் கலந்திருக்கின்றன. ஆறிப்போனதை வைத்து, சமைத்தவர் இல்லாத இடத்தில் தீர்ப்புச் சொன்னது நியாயம் சம்பந்தப்பட்டது. உங்களுக்கு என்று வந்ததை ஊருக்கு வைத்தது அந்தரங்கம் சம்பந்தப்பட்டது. போட்டோவிலும் இதே இரண்டுதான் நடக்கின்றன. ஆனால் போட்டோவில் மூன்றாவதாக ஒருவர் இருப்பார்: படத்துக்குள் இருப்பவர்.

## ஓர் அடுப்படிப் படம்

சில வருடங்களுக்கு முன் நான் செய்த காரியத்தையே எடுத்துக்கொள்கிறேன். எங்கள் போட்டோ குரூப்பில் நாற்பது பேர் இருந்தோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு படத்தை எடுத்து அலசுவது வழக்கம். அந்த வாரம் யாரும் படம் தரவில்லை. ஒரு தோழி முந்தின நாள் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஒரு படம் வைத்திருந்தார். அவருடைய பாட்டி அடுப்படியில் இட்லிக் கொப்பரையைத் திறக்கிறார், இடது பக்க ஜன்னலிலிருந்து வெளிச்சம் விழுகிறது. நல்ல படம். ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக் குரூப்பில் போட்டேன், அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மூன்று இடங்களில் சிவப்பு வட்டம் போட்டேன். ஒன்று, பாட்டியின் வலது கை மணிக்கட்டோடு ஃபிரேமில் வெட்டுப்பட்டிருந்தது. இரண்டு, ஜன்னல் முழுக்க வெளுத்துப்போய் வெறும் வெள்ளையாக இருந்தது. மூன்று, பின்சுவரில் ஆணியில் ஏதோ ஓர் அட்டை நீல நாடாவில் தொங்கிக் கண்ணை இழுத்தது. ஆளாளுக்குப் பேசினார்கள். ஒருவர் அந்த அட்டையைப் பெரிதாக்கிப் பார்த்து, "ஏதோ ஸ்கூல் ஐடி கார்டு போல" என்று பள்ளியின் பெயரையே எழுதிவிட்டார்.

தோழிக்கு மூன்றாவது நாள்தான் தெரியவந்தது. அவர் சொன்னதிலிருந்து எனக்குப் புரிந்தது இது. பாட்டி முந்தின வாரம்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருக்கிறார், வலது கையில் ஊசி போட்ட இடத்தில் பெரிய பிளாஸ்திரி. "கை தெரியாம எடுடி" என்று அவரே சொல்லியிருக்கிறார். வெட்டுப்பட்ட கை பிழையே அல்ல, பாட்டிக்குக் கொடுத்த வாக்கு. அட்டை, தோழியின் மகனுடையது.

## நியாயம் எங்கே கெடுகிறது

முதலில் நகல். தோழியின் கேமரா எடுத்த படத்தில் 6000 × 4000 பிக்சல்கள் இருந்தன. பிக்சல் என்பது டிஜிட்டல் படத்தின் ஒரு புள்ளி. மொத்தம் 2 கோடியே 40 லட்சம் புள்ளிகள். என் போன் திரையின் அகலம் 1080 புள்ளிகள். அகலவாக்கில் எடுத்த படம் அந்தத் திரையில் 1080 × 720 ஆகத்தான் தெரியும், அதாவது 8 லட்சத்துக்கும் குறைவு. ஸ்க்ரீன்ஷாட் எடுத்ததும் மீதி எல்லாம் போய்விடுகிறது. முப்பதில் ஒரு பங்கைக் கையில் வைத்துக்கொண்டு நாங்கள் படத்தின் நுணுக்கம் பேசிக்கொண்டிருந்தோம்.

இழப்பு அளவோடு நிற்கவில்லை, சுருக்கலும் இருக்கிறது. சுருக்கல் என்றால், ஃபைல் சின்னதாக இருப்பதற்காகக் கண்ணுக்கு அவ்வளவாகப் படாத விவரங்களைத் தூக்கிப்போடுவது. நாம் வழக்கமாக அனுப்பும் ஜேபெக் படங்கள் இப்படித்தான் சேமிக்கப்படுகின்றன. படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் மெல்லிய வித்தியாசங்களைக் குறைக்கிறார்கள். ஸ்டேட்டஸில் வைக்கும்போது ஒரு முறை, குரூப்பில் போடும்போது இன்னொரு முறை. முதலில் அடிபடுவது மென்மையானவைதான்: புகை, பனி, வெள்ளைக்குள் இருக்கும் வெள்ளை. நான் வெளுத்துப்போனது என்று வட்டம் போட்ட ஜன்னலில், ஒரிஜினல் ஃபைலில் கம்பிகள் மெல்லிசாகத் தெரிந்தன.

இரண்டாவது, நோக்கம். ஒரு படத்தில் "பிழை" என்று தனியாக எதுவும் கிடையாது. எடுத்தவர் என்ன செய்ய நினைத்தார் என்பதோடு ஒப்பிட்டால்தான் அது பிழையா, முடிவா என்று தெரியும். கையை வெட்டியது தெரியாமல் நடந்திருந்தால் பிழை, தெரிந்து செய்திருந்தால் முடிவு. படத்தை மட்டும் பார்த்து இதைச் சொல்லவே முடியாது. அது முடிந்த படமா, சும்மா எடுத்துப் பார்த்ததா, போட்டிக்கு அனுப்பவா, வீட்டு ஆல்பத்துக்கா என்பதும் அப்படித்தான். ஸ்டேட்டஸில் வைத்த படத்தைப் போட்டிப் படத்தின் அளவுகோலால் அளந்தது என்னுடைய தவறு.

மூன்றாவது, ஆள் அங்கே இல்லை. சொந்தக்காரர் இருந்திருந்தால் முதல் நிமிடத்திலேயே "அது வேண்டுமென்றே வெட்டியது" என்று சொல்லியிருப்பார், பேச்சு வேறு பக்கம் திரும்பியிருக்கும். இல்லாததால் முதலில் சொன்னவர் கருத்தின் மேலேயே அடுத்தவர் கருத்து ஏறுகிறது. நான் வட்டம் போட்ட பிறகு நாற்பது பேரில் ஒருவர்கூட அந்த வட்டத்துக்கு வெளியே பார்க்கவில்லை. பாட்டியின் முகத்தைப் பற்றி யாரும் பேசவில்லை என்பது பிறகுதான் உறைத்தது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: கேட்காமல் எடுத்த படத்தில் நம் கையில் இருப்பது தேய்ந்த நகல், நோக்கம் தெரியாது, பதில் சொல்ல ஆள் இல்லை. கருத்து எவ்வளவு மரியாதையான சொற்களில் இருந்தாலும் இந்த மூன்றும் சரியாகிவிடாது.

## "பொதுவில் போட்டாச்சே" என்பது ஏன் போதாது

அந்தரங்கம் என்றால் ஒளித்து வைப்பது என்று பலரும் நினைக்கிறோம். ஒளிக்காமல் வெளியே வைத்துவிட்டால் அது பொதுச் சொத்து என்ற கணக்கு அங்கிருந்துதான் வருகிறது. ஹெலன் நிஸன்பாம் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2004இல் இதற்கு வேறு ஒரு விளக்கம் கொடுத்தார். தமிழில் அதைச் சூழல் பொருத்தம் என்று சொல்லலாம். ஒரு தகவல் எந்த இடத்தில், யாருக்கு, எந்த எண்ணத்தில் தரப்பட்டதோ, அந்த ஏற்பாட்டுக்குப் பொருந்தும்படி நகர்ந்தால் அந்தரங்கம் பத்திரமாக இருக்கிறது. பொருந்தாத இடத்துக்கு நகர்ந்தால், அது ரகசியமாக இல்லாவிட்டாலும், அந்தரங்கம் மீறப்படுகிறது.

நாம் அன்றாடம் இப்படித்தான் நடந்துகொள்கிறோம். டாக்டரிடம் சர்க்கரை அளவைச் சொல்கிறோம், கல்யாண வீட்டில் அவர் அதை உரக்கச் சொன்னால் கோபம் வருகிறது. தகவல் அதேதான், இடம் மாறிவிட்டது.

ஸ்டேட்டஸுக்கும் ஓர் ஏற்பாடு இருக்கிறது. நம்பரைச் சேமித்து வைத்திருக்கும் தெரிந்தவர்களுக்கு மட்டும் தெரியும், 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். தோழி ஒப்புக்கொண்டது அவ்வளவுக்குத்தான். நான் ஸ்க்ரீன்ஷாட் எடுத்ததும் அதன் காலவரம்பு போனது. குரூப்பில் போட்டதும் ஆள்வரம்பும் போனது. அவருக்கு முன்பின் தெரியாத முப்பது பேர் பாட்டியின் அடுப்படிக்குள் நின்றார்கள்.

இத்தோடு முடிந்தால் சாம்பார் கதைதான். போட்டோ விமர்சனத்துக்கென்றே இன்னொரு சிக்கல் இருக்கிறது, இதை அதிகம் பேர் கவனிப்பதில்லை. சாதாரணமாக ஒரு ஸ்டேட்டஸ் படத்தை இரண்டு மூன்று நொடி பார்த்துவிட்டுத் தள்ளிவிடுவோம். சுவரில் தொங்கும் அட்டை யார் கண்ணிலும் படாது. விமர்சனத்தின் வேலையே கண்ணை நிறுத்துவது: பெரிதாக்குவது, ஓரங்களைத் துருவுவது, பின்னணியில் என்ன இருக்கிறது என்று தேடுவது. அந்த அட்டையைப் பத்திரமாக வைத்திருந்தது மற்றவர்களின் கவனக்குறைவுதான். நான் அதைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டேன். "பின்னணியைச் சுத்தம் செய்திருக்கலாம்" என்ற சாதாரண ஆலோசனை, ஒரு பையன் எந்தப் பள்ளியில் படிக்கிறான் என்பதை நாற்பது பேருக்கு வாசித்துக் காட்டிவிட்டது.

மருந்து அட்டை, வீட்டு எண், வண்டி நம்பர், தெருப் பெயரோடு தொங்கும் கடைக் காலண்டர், கண்ணாடியில் தெரியும் இன்னொருவர் முகம் என்று வீட்டுப் படங்களில் இப்படி ஏதாவது இருக்கும். விமர்சகரின் பயிற்சி பெற்ற கண் முதலில் போவது அங்கேதான்.

## படத்துக்குள் இருப்பவர்

எடுத்தவர் சம்மதித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? அதற்கு உலகமே அறிந்த ஒரு படத்தைப் பார்க்கலாம். 1936 மார்ச்சில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் நிபோமோ என்ற இடத்தில், பட்டாணி பறிக்க வந்த கூலிகளின் முகாமில் டொரோத்தியா லாங்கே ஒரு தாயைப் படம் எடுத்தார். தோளில் முகம் புதைத்த பிள்ளைகள், கன்னத்தில் கை, தூரத்தில் பார்வை. இடம்பெயர்ந்த தாய் என்று பெயர்பெற்ற அந்தப் படத்தைப் போட்டோ வகுப்புகளில் இன்றும் கோடு கோடாகப் பிரித்துப் பாடம் நடத்துகிறார்கள்.

அந்தப் படத்திலும் ஒரு "பிழை" இருந்தது. வலது கீழ் மூலையில் கூடாரக் கம்பத்தைப் பிடித்த ஒரு கட்டைவிரல். அது உறுத்துகிறது என்று லாங்கேவே பின்னர் நெகட்டிவில் அதை மங்கவைத்தார். அது அவர் படம், அவர் முடிவு. ஆனால் படத்தில் இருந்த பெண்ணின் பெயரை அவர் கேட்கவே இல்லை. அவர் ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்ஸன் என்பது 1978இல்தான் உலகத்துக்குத் தெரிந்தது. அந்தப் படத்தால் தனக்கு ஒரு காசும் வரவில்லை, எடுக்காமலே இருந்திருக்கலாம் என்று அவர் சொன்னார். சாப்பாட்டுக்காகக் கார் டயரை விற்றார்கள் என்று லாங்கே எழுதியதையும் அந்தக் குடும்பம் மறுத்தது.

நாற்பது வருடங்கள் அவர் முகத்தின் வறுமையையும் வலியையும் பற்றி யார் யாரோ பேசியிருக்கிறார்கள், அவரைத் தவிர. எடுத்தவர் சம்மதம் வேறு, படத்தில் இருப்பவர் சம்மதம் வேறு என்பதற்கு இதைவிடத் துலக்கமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. "முகம் களையாக இல்லை", "இந்தப் புடவை எடுபடவில்லை" என்று நாம் சொல்லும்போது காது கொடுப்பவர் போட்டோகிராபராக இருக்கலாம். அடிபடுபவர் வேறு ஆள்.

ஆக, வெளியே வைத்த படம் என்பதால் எங்கும் கொண்டுபோகலாம் என்றாகாது. விமர்சனம் மறைந்து கிடந்ததை வெளிச்சத்துக்குக் கொண்டுவரும். கேட்க வேண்டியவர்கள் இரண்டு பேர்.

## சட்டம் எவ்வளவு தூரம் வரும்

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957, 52ஆம் பிரிவில் விமர்சனத்துக்காக ஒரு படைப்பை நியாயமான அளவில் பயன்படுத்துவதற்கு இடம் கொடுக்கிறது. இதைக் காட்டித்தான் பலர் வாதாடுவார்கள். அது நகலெடுத்தது பதிப்புரிமை மீறலா என்ற கேள்விக்கு மட்டும்தான் பதில். படத்தில் இருப்பவரின் அந்தரங்கம் தனிக் கேள்வி. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017இல் புட்டசாமி வழக்கில் சொல்லிவிட்டது.

அதே சட்டத்தின் 17ஆம் பிரிவில் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவர்தான் முதல் உரிமையாளர். அதனால் கல்யாண ஆல்பத்துப் படத்தை அலச வேண்டும் என்றால், "போட்டோகிராபர் சரி என்றார்" என்பது போதாது. மணமக்களையும் கேட்டாக வேண்டும்.

## சரி, எப்படிக் கேட்பது?

"உங்க படத்தைப் பற்றிப் பேசலாமா?" என்று கேட்டால் யாரும் சரி என்பார்கள். அது சம்மதம் ஆகாது, எதற்குச் சம்மதிக்கிறோம் என்று அவருக்குத் தெரியாதே. நான் இப்போது அனுப்புவது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"அக்கா, நேத்து வச்ச அடுப்படிப் படம் ரொம்பப் பிடிச்சிருந்தது. எங்க போட்டோ குரூப்ல நாற்பது பேர் இருக்கோம், ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம் அதைப் பத்திப் பேசலாமான்னு கேக்கறேன். வெளிச்சம், ஃபிரேமிங் பத்தி மட்டும்தான். பாட்டிகிட்டயும் ஒரு வார்த்தை கேளுங்க. வேண்டாம்னா ஒண்ணும் இல்ல, நான் பார்த்து ரசிச்சதோட விட்டுடறேன். சரின்னா நீங்களும் அன்னிக்கு வாங்க."

யார் பார்ப்பார்கள், எவ்வளவு நேரம், எதைப் பற்றி என்பது இதில் இருக்கிறது. மறுப்பதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை என்பதும் இருக்கிறது. எல்லோர் முன்னாலும் குரூப்பிலேயே இதைக் கேட்கக் கூடாது, அங்கே மறுப்பது கஷ்டம். பதில் வரவில்லை என்றால் அது "இல்லை"தான். திரும்பத் திரும்பக் கேட்பதும் ஒருவகைக் கட்டாயம்.

சரி என்றால் ஸ்க்ரீன்ஷாட் வேண்டாம், ஒரிஜினலைக் கேளுங்கள். அதில் ஒரு சின்ன எச்சரிக்கை. கேமராவும் போனும் படத்தோடு மெட்டாடேட்டாவையும் சேர்த்து வைக்கும். எடுத்த நேரம், கேமரா, சில சமயம் எடுத்த இடத்தின் துல்லியமான இருப்பிடம் போன்ற கண்ணுக்குத் தெரியாத குறிப்புகள்தான் மெட்டாடேட்டா. வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் இருப்பிடம் போய்விடும், தரமும் போய்விடும். டாக்குமெண்டாக அனுப்பினால் தரம் நிற்கும், இருப்பிடமும் நிற்கும். ஆகவே இருப்பிடத்தை நீக்கிவிட்டு அனுப்பச் சொல்ல வேண்டும்.

பேசும் முறைக்கு நாங்கள் அமெரிக்க நடன அமைப்பாளர் லிஸ் லெர்மன் உருவாக்கிய ஒரு வழியைப் பின்பற்றுகிறோம். அதில் நான்கு படிகள். பார்த்தவர்கள் தங்கள் மனதில் நின்றதை முதலில் சொல்கிறார்கள். அடுத்து படைத்தவர் தன் கேள்விகளைக் கேட்கிறார். பிறகு பார்த்தவர்கள் கேள்வி கேட்கிறார்கள், ஆனால் கேள்விக்குள் கருத்தை ஒளித்துவைக்காமல். "ஏன் கையை இப்படி வெட்டினீர்கள்?" என்பது தீர்ப்பு. "ஃபிரேமின் வலது ஓரத்தை எப்படி முடிவு செய்தீர்கள்?" என்பது கேள்வி. கடைசியில்தான் கருத்து, அதுவும் "ஜன்னலைப் பற்றி எனக்கு ஒன்று தோன்றுகிறது, சொல்லட்டுமா?" என்று கேட்ட பிறகு. வேண்டாம் என்றால் அடுத்தவர் பேசலாம். சம்மதத்தை ஆரம்பத்தில் ஒரு முறை வாங்கிவிட்டு மறந்துவிட முடியாதபடி இந்த முறை செய்கிறது.

பின்னணியில் யாருடைய விவரமாவது தெரிந்தால், அதைக் கூட்டத்தில் சொல்லாமல் எடுத்தவரிடம் தனியாகச் சொல்ல வேண்டும். முடிந்தால் படத்தைப் போடுவதற்கு முன்பே.

யாரையும் கேட்க முடியாத நேரத்தில் பாடம் நடத்த வேண்டும் என்றால், உங்கள் படத்தையே எடுத்து வையுங்கள். என் பழைய படங்களில் சொதப்பலுக்குப் பஞ்சமே இல்லை, இப்போது அவைதான் எங்கள் குரூப்பின் பாடப்புத்தகம்.

தோழியிடம் மன்னிப்புக் கேட்டு, படத்தையும் பேச்சையும் அழித்தோம். எத்தனை போன்களின் கேலரியில் தானாக இறங்கிக் கிடந்தது என்பது அவரவருக்குத்தான் தெரியும். சில மாதங்கள் கழித்து அவரே ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். பாட்டியிடம் கேட்டு, அட்டை இருந்த இடத்தைக் கிராப் செய்து, ஒரிஜினல் ஃபைலைப் பெரிய திரையில் போட்டார். எங்களிடம் அவர் கேட்டது ஒரே கேள்வி: "நீராவி தெரியுதா?"

கொப்பரையிலிருந்து பாட்டியின் கன்னம் வரை மெல்லிய ஆவி ஏறிக்கொண்டிருந்தது. நாங்கள் அன்று ஒரு மணி நேரம் அலசிய ஸ்க்ரீன்ஷாட்டில் அது இல்லவே இல்லை.